சனி முடியும்வரை என் பேரில் ஓடிய வண்டி

வண்டியை விற்ற பிறகுதான் அதன் போட்டோக்கள் எனக்கு வரத் தொடங்கின. என்னிடம் இருந்த இருபது சொச்சம் வருஷத்தில் அதைத் தனியாக நிற்கவைத்து நான் ஒரு படம்கூட எடுத்ததில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசி மாலை போட்டு எடுத்த படங்களிலும் முன்னால் நான் நின்று அதை மறைத்துக்கொண்டிருப்பேன். இப்போது போலீசே எடுத்து என் போனுக்கு அனுப்பியது.

முதல் படம் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே எடுத்தது. ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பின்சீட்டில் எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஒன்று, அதன் மேல் இன்னொரு மூட்டை. படத்துக்குக் கீழே பிரிவு, அபராதம், உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். ஒழுங்கான மனிதன் அபராதத்தைப் பார்த்திருப்பான். நான் படத்தைப் பெரிதாக்கி டேங்க்கைப் பார்த்தேன். பெயின்ட் அப்படியே இருந்தது. பின்பக்க இண்டிகேட்டர் மட்டும் உடைந்து, பிளாஸ்டிக் கவர் சுற்றியிருந்தது.

"பரவாயில்ல, நல்லாத்தான் வச்சிக்கினு இருக்காரு" என்று மனைவியிடம் நீட்டினேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "ஃபைன் யாரு கட்டறது?"

"அவர்தான். வண்டி அவர்துதானே."

"மெசேஜ் யாருக்கு வந்துது?"

"எனக்கு."

"அப்போ வண்டி யார்து?"

பின்னால் ஒரு வக்கீலும் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் சுற்றிச் சுற்றி எனக்கு விளக்கிய விஷயத்தை அவள் சமையலறை வாசலில் நின்று அன்றைக்கே முடித்துவிட்டாள். நான்தான் "நீ சட்டம் பேசாத, குழம்பைப் பாரு" என்றேன். குழம்பு நன்றாகவே இருந்தது. சட்டம்தான் கருகியது.

நான் மருந்துக் கம்பெனிக்காரன். பெரிய பதவி ஒன்றுமில்லை. விழுப்புரத்தில் மொத்த விற்பனைக் கடை ஒன்றிலிருந்து மருந்துக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கப் போகிறவன். வாரத்தில் பாதி நாள் திண்டிவனம் லைன். அந்தக் காலத்தில் பஸ்ஸில் போய் வந்தால் மாத்திரை விற்பதற்குள் எனக்கே மாத்திரை வேண்டியிருக்கும் என்பதால், கல்யாணமான புதிதில் கடன் போட்டு அந்த வண்டியை எடுத்தேன். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் என்று அதற்கே பழகிப்போனது. கூட்டேரிப்பட்டில் நான் பிரேக்கைத் தொடாமலே ஒரு டீக்கடைப் பக்கம் அது சாயும் என்று நண்பர்களிடம் சொல்லுவேன். பொய்தான். ஆனால் சாய்வது யார் என்று யாரும் கேட்டதில்லை.

மழையில் மயிலம் பக்கம் ஒதுங்கி நின்றபோது இருமல் மருந்து சாம்பிள் பாட்டில் ஒன்று பையில் உடைந்து, சீட்டு முழுக்க வழிந்து, மறுநாள் எறும்பு வரிசை கட்டியது. அன்றிலிருந்து பல நாள் அந்த வண்டிக்கு ஒரு தித்திப்பு வாசனை இருந்தது. இப்போதும் எந்த மருந்துக் கடையில் அந்த வாசனை வந்தாலும் எனக்குத் தொடை ஈரமான மாதிரி இருக்கும். பிறந்த மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அதில் கூட்டிவரக் கூடாது என்று மாமியார் ஆட்டோ வைத்தார். நான் ஆட்டோவுக்கு முன்னால் வண்டியில், மந்திரி காருக்கு முன்னால் போகிற மாதிரி, ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். குழந்தை தூங்கவே இல்லை. மூன்று மாதம் அதற்காகப் பேச்சு வாங்கினேன்.

முட்டி வலி வந்த பிறகு கியர் வண்டி ஆகவில்லை. ஸ்கூட்டர் வாங்கினேன். பழைய வண்டி வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் திண்டிவனத்து மருந்துக் கடைக்காரர் ஒருவர் மூலமாக மல்லாட்டை வியாபாரி வந்தார். திண்டிவனத்துக்குக் கிழக்கே ஊர்ஊராகப் போய் காயைப் பார்த்து விலை பேசுகிறவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வண்டியைச் சுற்றி வந்து, உதைத்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, விலையில் என்னோடு அதிகம் மல்லுக்கட்டாமல், கடைசியில் ஒரு விண்ணப்பம் வைத்தார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. பேரை மட்டும் இப்போ மாத்த வேணாம்."

"ஏன்?"

"எனக்கு ஏழரை நடக்குது. என் பேர்ல இரும்பு எதுவும் வாங்கக் கூடாதுன்னு ஜோசியர் கண்டிஷனா சொல்லிட்டாரு. போன வருஷம் ஒரு தராசு வாங்கினேன். வாங்கின வாரமே கடை பூட்டை உடச்சிட்டானுங்க."

"தராசைத் தூக்கிக்கினு போயிட்டானுங்களா?"

"தராசை மட்டும் வச்சிட்டுப் போயிட்டானுங்கண்ணே. அதான் பேஜாரே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க பேரு ராசியான பேரு. இத்தினி வருஷம் இந்த ரோட்டுல ஓடியிருக்கு. ஒரு ஆளை இடிச்சதில்ல, ஒரு தடவை கீழ விழுந்ததில்லன்னு கடைக்காரர் சொன்னாரு. சனி முடியற வரைக்கும் உங்க பேர்லயே ஓடட்டும். அப்புறம் நானே வந்து மாத்திக்கிறேன்."

என் பெயரை ராசியானது என்று இதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. சொந்த வீட்டில் அதை வேறு மாதிரித்தான் சொல்லுவார்கள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அதோடு, வண்டி போனாலும் ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்குமே என்ற ஒரு அற்ப ஆசையும் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும் ரேஷன் கார்டில் பெயரை எடுக்காமல் வைத்திருக்கும் அப்பன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ரகம்.

ஆனாலும் நான் ஏமாளி இல்லை என்று காட்ட வேண்டுமே. பத்திரம் எழுதுகிறவரிடம் போய் ஒரு டெலிவரி லெட்டர் அடித்தோம். 'இன்று காலை முதல் மேற்படி வாகனத்தால் ஏற்படும் விபத்து, வழக்கு, அபராதம் அனைத்துக்கும் வாங்குபவரே முழுப் பொறுப்பு.' இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பெயர் மாற்றும் பாரங்களில் தேதி போடாமல் ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், சாவி எல்லாம் அவர் கைக்குப் போனது. டெலிவரி லெட்டரை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் கல்யாணப் பட்டுக்குக் கீழே வைத்தேன். அது இருக்கும்வரை என்னை ஒரு பயலும் ஒன்றும் பண்ண முடியாது என்று அன்றைக்கு இரவு நிம்மதியாகத் தூங்கினேன். என் தூக்கத்தின் தரம் எப்போதும் அப்படித்தான்.

அதன் பிறகுதான் படங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஒன்று. மூன்று பேர் உட்கார்ந்து ஒன்று. நடுவில் இருந்தவர் கையில் ஒரு சேவல். ஒவ்வொரு தடவையும் போன் பண்ணுவேன். "கட்டிர்றேண்ணே, நாளைக்கே கட்டிர்றேன்" என்பார். ஒன்றை நானே கட்டினேன். சேவல் படத்துக்கு அந்தத் தொகை தகும் என்று தோன்றியது. நடுவில் இன்சூரன்ஸ் முடிகிறது, புதுப்பியுங்கள் என்று வேறு மெசேஜ்கள் வந்தன. அவற்றில் படம் இல்லாததால் விளம்பரம் என்று அழித்தேன்.

ஒரு புரட்டாசி மாசம், கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திண்டிவனம் பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. பிரம்மதேசம் ரோட்டில் வண்டி ஒரு அம்மாவை இடித்துவிட்டது. களை எடுத்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தவர். கால் முறிந்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸோடு வரவும்.

"சார், நான் அந்த வண்டியை வித்துட்டேன்" என்றேன்.

"அதை வந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் செய்ததைச் சொல்ல என் மனைவி மாதிரி சாட்சி கிடையாது. கடையை விட்டு வீட்டுக்கு ஓடினேன். ஒரு பையில் லுங்கி, துண்டு, டூத் பிரஷ், பிரஷர் மாத்திரை ஒரு மாதத்துக்கு எடுத்து வைத்தேன். மகளுக்குப் போன் பண்ணி, "அம்மாவை நல்லா பாத்துக்கோ" என்றேன். அவள் சென்னையில் ஆபீசில் இருந்தாள். "நாலு மணிக்குக் கூப்பிடறேம்பா, மீட்டிங்" என்று வைத்துவிட்டாள். மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்ஜரும் எடுத்துக்கோங்க. உள்ள பிளக் பாயின்ட் இருந்தாலும் இருக்கும்."

"உனக்கு வெளையாட்டா இருக்கா?"

"அடிபட்டது அந்தம்மாவுக்கு. பொட்டி கட்றது நீங்க."

அது சுருக்கென்று பட்டது. பட்டாலும் டூத் பிரஷை எடுத்து வெளியே வைக்கவில்லை.

காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வண்டிதான். பக்கவாட்டில், வேப்ப மரத்தடியில், வழக்கில் மாட்டிய மற்ற வண்டிகளோடு சாய்ந்து நின்றது. முன் மட்கார்ட் வளைந்திருந்தது. ஹேண்டில்பாரில் நான் கட்டிய கறுப்புக் கயிறு இற்றுப்போய்த் தொங்கியது. சீட்டு உறை புதுசு. பதறிக்கொண்டு வந்தவன், ஐந்து நிமிஷம் அங்கேயே நின்று கிளட்ச் வயரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். கிளட்ச் அமுக்கினால் வருகிற அதே கீச்சுச் சத்தம். எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா காலை நீட்டிப் படுத்திருக்கும்போது இந்தச் சத்தத்துக்காக நான் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தேன். மனுஷ மனசுக்கு வெட்கம் கிடையாது.

"வண்டியத் தொடாதீங்க. நீங்கதான் ஓனரா?" என்று சப் இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து கேட்டார்.

"இருந்தேன் சார்."

"ஆர்.சி.ல இருக்கீங்க. அப்புறம் இன்னா 'இருந்தேன்'?"

பிளாஸ்டிக் உறையை நீட்டினேன். அவர் முழுக்கப் படித்தார். நல்ல பொறுமைசாலி.

"இதை வக்கீல்கிட்ட காட்டுங்க. அன்னிக்கி வண்டிய யாரு ஓட்டினதுன்னு எனக்கு எழுதிக் குடுங்க. அதை ஓனர் சொல்லித்தான் ஆவணும்."

"அவர்தான் சார் ஓட்டினாரு. மல்லாட்டை வியாபாரி." அவர் அங்கேதான் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கையில் கட்டு.

"அவரும் ஒத்துக்கினாரு. இடிச்ச கேஸ் அவர் மேலதான்."

"அப்போ நான் போலாமா சார்?"

"இன்சூரன்ஸ் எங்க?"

நான் வியாபாரியைப் பார்த்தேன். வியாபாரி என்னைப் பார்த்தார்.

"உங்க பேர்லதானேண்ணே இருக்கு, நீங்க கட்டுவீங்கன்னு இருந்துட்டேன்" என்றார்.

"ஓட்டறது நீங்கதானே, நீங்க கட்டுவீங்கன்னு நான் இருந்துட்டேன்."

"ரெண்டு பேரும் இருந்துட்டீங்க" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "இன்சூரன்ஸ் இல்லாத வண்டிய ரோட்டுல விட்டதுக்கு ஓனருக்குத் தனியா ஃபைன் உண்டு. அந்தம்மா நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டா ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் வரும். அதுக்கு ஜாமீன் கட்டாம வண்டி வெளிய போவாது." பிறகு என் பையைப் பார்த்தார். "பையில இன்னா?"

"டூத் பிரஷ் சார்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரில் வக்கீலம்மா ஒருவரிடம் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மேஜையில் டிபன் டப்பா திறந்தபடி இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே என் லெட்டரைப் படித்தார்.

"இதுல கையெழுத்து போட்டது யாரு சார்?"

"நானும் அவரும்."

"அடிபட்ட அம்மா போட்டாங்களா?"

"அவங்க எப்படி மேடம் போடுவாங்க?"

"அப்போ இது அவங்களை எப்படிக் கட்டும்? இது உங்க ரெண்டு பேருக்கும் உள்ள பேச்சு. சட்டத்துக்கு ஓனர்னா ஆர்.சி.ல பேரு இருக்கறவர்தான். வித்தவர் பதினாலு நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தெரிவிச்சிருக்கணும். வாங்கினவர் முப்பது நாளுக்குள்ள மாத்திக்கணும். ரெண்டுமே நடக்கல. ரோட்டுல நடந்து போறவங்க, இந்த வண்டி யாரு யாருக்குக் கை மாறிச்சின்னு தேடிக்கினு இருக்க முடியுமா?"

"இன்சூரன்ஸ் மட்டும் இருந்திருந்தா?"

"வண்டி கை மாறியிருந்தாலும் அடிபட்டவங்களுக்குக் கம்பெனி கட்டியிருக்கும். இப்போ அவரும் நீங்களும் சேர்ந்து பொறுப்பு. அவருகிட்ட இல்லன்னா மொத்தத்தையும் உங்ககிட்டயே வாங்கலாம். அப்புறம் இந்த லெட்டரை வச்சி நீங்க அவருகிட்ட கேக்கலாம். இதுக்கு அவ்வளவுதான் உயிர்." டப்பாவை மூடினார். "உங்க பேர்ல சொத்து ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. கோலியனூரில் ஒரு மனை. வீடு கட்ட வேண்டும் என்று சீட்டுப் போட்டு வாங்கிய இடம். நான்கு கல், ஒரு முருங்கை மரம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் போய் முருங்கை நிழலில் எலுமிச்சை சாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இது ஹால், இது பூஜை அறை என்று குச்சியால் கோடு போடுவோம். ஹால் வருஷா வருஷம் பெரிதாகும். அது என் பெயரில்தான் பத்திரமாகியிருந்தது. மறுபடியும் என் பெயர்.

"ஏழரைச் சனிங்கறதை ஒரு வாதமா வைக்க முடியாதா மேடம்?" என்றேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"வைக்கலாம். சனியை மூணாவது எதிர்மனுதாரரா சேக்கணும். அட்ரஸ் குடுங்க, நோட்டீஸ் அனுப்பறேன்."

அட்ரஸ் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வியாபாரி ஜாதகத்தில் நடந்த சனி, பதிவுச் சான்றில் இருந்த முகவரியைப் பார்த்து நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டது.

நோட்டீஸ் வந்தது. ஓட்டியவர் முதல் எதிர்மனுதாரர், நான் இரண்டாவது. கேட்டிருந்த தொகையைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். அந்த அம்மாவின் வயது, தொழில், முறிந்த எலும்பு, வைத்த கம்பி, இனிமேல் சேற்றில் இறங்கி நடவு நட முடியாது என்று டாக்டர் எழுதியது. படித்து முடித்து, "தப்பா எதுவும் கேக்கலியே" என்றாள். பிறகு, "மனைய வித்துக்கலாம்" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. கோர்ட்டில் நேரில் பார்த்தால், நான் யார், வியாபாரி யார் என்று எடுத்துச் சொன்னால், அந்த அம்மா என்னை மட்டும் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ராத்திரியெல்லாம் வசனம் தயாரித்தேன். மருந்து விற்கிறவனுக்குப் பேசத் தெரியாதா.

கேஸ் மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை. அது வேறு. கோர்ட்டு வராந்தாவில் கல்யாணக் கூட்டம் மாதிரி ஜனம். அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாலு கால் ஊன்றுகோல். ஐம்பது வயது இருக்கலாம். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட கறுப்பு மணி. நான் போய் நின்றேன்.

"நீ யாரு தம்பி?"

"வண்டிக்கு... பேருக்கு ஓனரும்மா."

"பேருக்குன்னா?"

தயாரித்த வசனம் ஒன்றும் வரவில்லை. வியாபாரிதான் குறுக்கே வந்தார். "யக்கா, அவரு வித்துட்டாரு. நான்தான் வாங்கினேன். பேரு மட்டும் மாத்தல."

"அப்போ உன் வண்டியா?"

"என் வண்டிதான். ஆனா புக்குல அவருது."

"புக்குலதான் என்துமா" என்றேன் நான். "மத்தபடி அவருது. லெட்டர் இருக்கு."

"அண்ணே, லெட்டர்ல உங்க கையெழுத்தும் இருக்கு."

"அது வித்ததுக்கான கையெழுத்து."

"வித்தவர் மெசேஜைப் பாத்து இன்சூரன்ஸ் முடியுதுன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல."

"ஓட்டறவருக்குத் தெரியாதா?"

அந்த அம்மா ஊன்றுகோலின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாட்டை மார்க்கெட்டில் இரண்டு தரகர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்கிற மாதிரி. நாங்கள் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னார்.

"வண்டி யார்துன்னு நீங்க பேசி முடிவு பண்ணிக்கோங்க. கால் யார்துன்னு எனக்குத் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். புடவையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காலை நீட்டி வசதியாக வைத்துக்கொண்டார். கணுக்காலுக்கு மேல் தையல் போட்ட தடம் ரயில் தண்டவாளம் மாதிரி போயிற்று.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி இரண்டு பக்கத்தையும் கேட்டார். என் வக்கீலம்மா டெலிவரி லெட்டரை எடுத்து வைத்தார். நீதிபதி அதைத் தள்ளிவிடவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை. "இது உங்களுக்குள்ள. அந்தம்மாவுக்கு நீங்க ரெண்டு பேரும்தான்" என்றார். கேட்ட தொகையில் கொஞ்சம் குறைத்து ஒத்துக்கொண்டார்கள். கூலிக்குப் போகும் மனுஷி, அப்பீல் என்று இழுத்தால் தாங்காது, அதனால்தான் குறைத்தார் என்று எல்லோருக்கும் தெரியும். வியாபாரி தன்னால் முடிந்ததைச் சொன்னார். அது கொஞ்சம்தான். மீதிக்கு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் கட்டிர்றேங்கய்யா" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வியாபாரி எனக்கு மாசா மாசம் திருப்பித் தர வேண்டும் என்று தனியாக எழுதினார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்க மல்லாட்டைத் தோல் உரித்த காய்ப்பு.

மனை போயிற்று. வாங்கியவர் நல்ல மனிதர். "பத்திரம் அப்புறம் மெதுவாக் கூடப் பண்ணிக்கலாம் சார், அட்வான்ஸ் வச்சிக்குங்க" என்றார். நான் போட்ட சத்தத்தில் பத்திரப்பதிவு ஆபீசில் டீ கொண்டுவந்தவர் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே பதிவாகும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. போவதற்கு முன்னால் மனைவி முருங்கையிலிருந்து காயெல்லாம் பறித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் சாம்பார். ஹாலும் பூஜை அறையும் எங்களோடு அப்படித்தான் வீட்டுக்கு வந்தன.

பணம் நீதிமன்றத்தில் கட்டி, அந்த அம்மா பெயரில் பேங்கில் போட்ட பிறகு, வண்டியை விடுவிக்க மனுப் போட்டோம். காவல் நிலையத்தில் வண்டியை வியாபாரியிடம் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரிடம்தான் தருவார்கள். ஆக, விற்ற வண்டியை நான் மறுபடியும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முதலில் இன்சூரன்ஸ் போட்டேன். அந்த ரசீதை எல்லோருக்கும் காட்டினேன், ஏட்டு உட்பட. பேட்டரி செத்திருந்ததால் குட்டியானை லோடு வேன் வைத்து மெக்கானிக்கிடம் ஏற்றிக்கொண்டு போனோம். பழைய அபராதம் எல்லாவற்றையும் கட்டினால்தான் பெயர் மாறும் என்றார்கள். கட்டினோம். ஒவ்வொன்றாகக் கட்டும்போது கம்ப்யூட்டர் சென்டர் பெண் சேவல் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு சார்?" என்றாள். "சாட்சி" என்றேன்.

பெயர் மாற்றும் அன்றைக்கு வியாபாரி காலையிலேயே திருநீறு பூசிக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, சனி இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

"இருக்கட்டும். உங்க பேர்லயே இருக்கட்டும்."

"இல்ல, பயமா இருக்குதுண்ணே."

"எனக்கும்தான் இருந்துது. டூத் பிரஷ் எடுத்துக்கினு வந்தேன். நீங்களும் ஒண்ணு வச்சிக்கோங்க."

அவர் சிரித்தார். ஆபீசில் எல்லாம் முடிந்து, புது ஆர்.சி. வந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சில நாளில் அனுப்பினார். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர், அவர் அப்பா பெயரோடு. ஆனால் அதற்கு முன்பே, பாரங்கள் கொடுத்துவிட்டு வெளியே வந்த அந்த மத்தியானம், எனக்குள் ஏதோ கழன்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கலாம் என்று கிளம்பினேன்.

"ஏறுங்கண்ணே, வுட்டுட்டு வர்றேன்."

"ஹெல்மெட்?"

"ரெண்டு வச்சிருக்கேன்."

ஏறினேன். இருபது சொச்சம் வருஷத்தில் அந்த வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பிடித்துக்கொள்ள ஒன்றும் சரியாக இல்லை. பின்னால் ஒரு இரும்புக் கம்பி, அதுவும் சூடு. பள்ளம் வரும்போது ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு முதுகுத்தண்டு சொல்லித்தான் தெரிகிறது. ரோடு தெரியவில்லை. திண்டிவனம் கடைத்தெருவே பக்கவாட்டில் துண்டு துண்டாக ஓடியது. எதிரே ஒரு முதுகு மட்டும். இத்தனை வருஷம் கையில் குழந்தையோடும் மடியில் எலுமிச்சை சாதத் தூக்கோடும் என் மனைவி பார்த்துக்கொண்டு வந்தது இதைத்தானா? நான் ஒரு தடவைகூடத் திரும்பிக் கேட்டதில்லை. வண்டி என் பெயரில் இருந்தது. பயணம் அவள் பெயரில் இருந்திருக்கிறது.

"இன்னாண்ணே, சத்தத்தையே காணோம்?" என்றார் வியாபாரி.

"மெதுவா போங்க. எனக்கு முன்னால ஒண்ணும் தெரியல."

அவர் வேகத்தைக் குறைத்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்தேன்.